வளரும் நிரலில் இறுதி ஐந்து பதிவுகளின் கூட்டல்

மழைமானியில் சேர்ந்த நீரை நம் நாட்டின் வானிலை நிலையங்களில் நாள்தோறும் காலை 8-30 மணிக்கு அளந்து பதிகின்றனர். அவ்வளவுகளைக் கணினியின் விரிதாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வருகின்ற ஒருவர், கடந்த ஐந்து நாட்களில் பெய்த மழையின் மொத்தத்தை எப்போதும் கண்முன் காண விரும்புகிறார் எனக் கொள்வோம். நிரலோ நாள்தோறும் ஒரு கட்டம் நீள்கின்றது. சூத்திரத்தை நாள்தோறும் திருத்தாமலே விடை மாறிவர வேண்டும்.

B நிரலின் முதற்கட்டத்தில் தலைப்பு உள்ளது. அதன்கீழ் B2 முதல் B9 முடிய எட்டு நாட்களின் அளவுகள் மில்லிமீட்டரில் முறையே 4, 0, 12.5, 7, 0, 31, 18.5, 2 என உள்ளன. =SUM(B5:B9) என்று எழுதினால் 58.5 என்ற விடை கிடைக்கும். ஒன்பதாம் நாள் B10-இல் 10 என எழுதிய பின்னரும் அதே 58.5 நிற்கக்கூடும், உண்மை விடையோ 61.5 ஆகும். விடைக்கட்டத்தில் பிழைமதிப்பு ஏதும் தோன்றாதாகையால், இப்பிழை பல நாட்கள் மறைந்தே கிடக்கக்கூடும்.

ஆகவே கூட்டவேண்டிய எல்லையைச் சூத்திரமே கண்டறிதல் வேண்டும். அதற்குரிய வழி இது:

```
=SUM(INDEX(B:B,MAX(2,MATCH(9.99E+307,B:B)-4)):INDEX(B:B,MATCH(9.99E+307,B:B)))
```

9.99E+307 என்பது விரிதாளில் எழுதக்கூடிய எண்களின் உச்சவரம்பை அணுகிய பேரெண். அத்தகைய எண்ணை நிரலில் தேடுமாறு MATCH பணிக்கப்படுகின்றது. அது கிடைப்பதில்லை, தேடல் நிரலில் உள்ள கடைசி எண்ணில் வந்து நிற்கின்றது. அவ்வெண் நிற்கும் வரிசை 9 எனில் விடையும் 9. அதிலிருந்து 4 கழிக்க 5 ஆகிறது. INDEX இவ்விரு வரிசைகளையும் B5, B9 என்ற கட்டங்களாக்கித் தருகிறது. நடுவில் உள்ள முக்காற்புள்ளி அவற்றை ஒரு பரப்பாக இணைக்கின்றது. B10 நிரம்பியவுடன் பரப்பு தானே B6:B10 என நகரும். MAX(2, ...) என்பது தொடக்க நாட்களுக்கான காவல். இரண்டே அளவுகள் இருக்கையில் 3-இலிருந்து 4 கழிக்க −1 வரும். அத்தகைய வரிசை இல்லாமையால் #VALUE! என்ற பிழை தோன்றும். இச்சூத்திரத்தை B நிரலிலேயே எழுதிவிடலாகாது. தன்னையே தான் கூட்டும் சுழலில் அது சிக்கும்.

MATCH-க்குப் பதிலாக COUNT கொண்டு பதிவுகளை எண்ணி, தலைப்பிற்கு 1 கூட்டி, கடைசி வரிசையைக் கணக்கிடுவோர் பலர். நிரலில் இடைவெளி இல்லாதவரை இது சரியே. B7-இல் இருந்த 31 அளக்கப்படாமல் வெற்றிடமாக விடப்பட்டது எனக் கருதுக. எண்ணிக்கை 7 ஆகிவிடும். கடைசி வரிசை 8 என்று சூத்திரம் ஏமாறும். B4:B8 கூட்டப்பட்டு 38 வரும். நேற்று எழுதிய 2 விடுபட்டுப்போகும். MATCH வழியில் B5:B9 கூட்டப்பட்டு 27.5 வரும்.

இங்குதான் நாம் கேட்பது எது என்பதைத் தெளிவாக்கிக் கொள்ளவேண்டும். 27.5 என்பது இறுதி ஐந்து வரிசைகளின் கூட்டல்; அதில் நான்கு அளவுகளே உள்ளன. வெற்றிடத்தைத் தாண்டி எழுதப்பட்ட இறுதி ஐந்து அளவுகளைக் கேட்டால், 12.5, 7, 0, 18.5, 2 ஆகியவை சேர்ந்து 40 ஆகும். எக்ஸெலின் 2024-ஆம் ஆண்டுப் பதிப்பிலும் மைக்ரோசாஃப்ட் 365-இலும் அதனை இவ்வாறு பெறலாம்:

```
=SUM(TAKE(FILTER(B2:B5000,ISNUMBER(B2:B5000)),-5))
```

FILTER எண்களை மட்டும் பிரித்தெடுக்கிறது. TAKE அவற்றுள் கடைசி ஐந்தை அளிக்கிறது. ஐந்துக்குக் குறைவாக இருப்பின் உள்ளவற்றையே அளிக்கும். நாளொன்றுக்கு ஓர் அளவு வீதம் 5000 வரிசைகள் 13 ஆண்டுகளுக்கு மேல் போதும்.

மழைக் கணக்கிற்கு இந்த 40 பொருந்தாது; அது ஆறு நாட்களின் ஊடே பரவியது. சந்தையில் விற்ற கடைசி ஐந்து மூட்டைகளின் எடை போன்றவற்றிற்கு அதுவே சரி. மழைக்கோ, வெற்றிடம் உள்ள ஐந்து நாட்களின் மொத்தத்தை முழுமையற்றது என்று குறிப்பதே முறை. மழை பெய்யாத நாளில் 0 என எழுதவேண்டும். அளக்காத நாளில் 0 எழுதலாகாது. இரண்டையும் ஒன்றாகக் கருதினால் எந்தச் சூத்திரமும் உதவாது.

இன்னொரு இடையூறு உண்டு. "31 மி.மீ." என அலகையும் சேர்த்துக் கட்டத்தில் எழுதிவிட்டால் அது எண்ணாகாமல் எழுத்தாகிவிடும், மேற்கூறிய சூத்திரங்கள் யாவும் அதைக் கூட்டாமல் விட்டுவிடும். பொதுவாக எண்கள் கட்டத்தின் வலப்புறமும் எழுத்துக்கள் இடப்புறமும் ஒட்டி நிற்பதால், இடப்புறம் ஒதுங்கிய அளவு ஐயத்திற்குரியது. கண்ணால் தேடுவதினும் உறுதியானது இது:

```
=COUNTA(B2:B5000)-COUNT(B2:B5000)
```

விடை 0 அல்லாது 1 எனில், எங்கோ ஓர் அளவு எழுத்தாக நிற்கின்றது என அறியலாம்.