லாச்சிக்குள் கரண்டித் தட்டு பொருந்தவில்லையா? கெபினட்டை அல்ல, உள் அகலத்தை அளக்க வேண்டும்

கரண்டி, முள்கரண்டி, கத்தி ஆகியவற்றைப் பிரித்து வைக்கும் தட்டுகள் இணையக் கடைகளில் பல அளவுகளில் விற்கப்படுகின்றன. "60 செ.மீ. கெபினட்டுக்குப் பொருந்தும்" என்ற குறிப்பைப் பார்த்து ஆர்டர் செய்பவர்கள் நிறைய பேர். தட்டு வீட்டுக்கு வந்ததும் ஒரு விரல் அகலம் கூடுதலாக இருந்து லாச்சிக்குள் இறங்க மறுக்கும். அல்லது மிகவும் சிறியதாக இருந்து, ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் உள்ளே சறுக்கி ஓடும். திருப்பி அனுப்பும் செலவைப் பார்த்து, அது அலமாரி மேலேயே கிடந்துவிடும்.

சிறிய தட்டால் இன்னொரு தொல்லையும் உண்டு. லாச்சியை வேகமாக மூடும்போது தட்டு பின்னால் போய் மோதும். அதிலிருந்து எகிறும் ஒரு கரண்டி பின்பலகையைத் தாண்டி விழுந்தால், அடுத்த முறை லாச்சி முழுதாக மூடாது. பலர் ரன்னர் கெட்டுவிட்டது என்று நினைத்து ஆளைக் கூப்பிடுவது இதற்காகத்தான்.

60 செ.மீ. என்பது கெபினட்டின் வெளி அகலம். லாச்சியின் முன்பலகையும் ஏறக்குறைய அதே அகலம்தான். அதனால் முன்னால் நின்று அளப்பவருக்கு அந்த எண்ணே கிடைக்கும். ஆனால் தட்டு உட்காரும் இடம் அதைவிட வெகு குறைவு. எவ்வளவு குறைவு என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம்.

வெளி அகலம் 600 மி.மீ., இரண்டு பக்கப் பலகைகளும் 16 மி.மீ. கனம் என்று வைத்துக்கொள்வோம். கெபினட்டின் உள்ளே 568 மி.மீ. மிஞ்சும். லாச்சியின் இரு பக்கங்களிலும் தெரியும்படி ரன்னர் பொருத்தியிருந்தால், ஒவ்வொரு ரன்னருக்கும் சுமார் அரை அங்குலம், அதாவது 13 மி.மீ. போய்விடும். லாச்சிப் பெட்டியின் வெளி அகலம் 542 மி.மீ. ஆகிறது. அந்தப் பெட்டியின் சொந்தப் பக்கங்களும் 16 மி.மீ. பலகை என்றால், உள்ளே கிடைப்பது 510 மி.மீ. மட்டுமே. 9 செ.மீ. காணாமல் போய்விட்டது.

அதே 600 மி.மீ. கெபினட்டில் ரன்னரை லாச்சியின் அடியில், கண்ணுக்குத் தெரியாதபடி பொருத்தியிருந்தால் கணக்கு மாறும். அந்த வகையில் 568-இலிருந்து வழக்கமாக 42 மி.மீ. கழித்தால் உள் அகலம் வரும். அதாவது 526 மி.மீ. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு லாச்சிகளுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் 52 செ.மீ. தட்டு ஒன்றில் அழகாக இறங்கும், மற்றதில் இறங்கவே இறங்காது. பக்கங்கள் தகரத்தால் ஆன லாச்சிகளுக்கு ஒவ்வொரு நிறுவனமும் தனிக் கணக்கு வைத்திருக்கிறது. ஆகவே பக்கத்து வீட்டில் பொருந்திய தட்டு நம் வீட்டில் பொருந்தும் என்று சொல்ல முடியாது.

கணக்கு ஒரு யோசனை தரும், அவ்வளவுதான். பலகை 18 மி.மீ. ஆக இருக்கலாம், தச்சர் ஓரிரு மில்லிமீட்டர் விட்டிருக்கலாம். லாச்சியை முழுவதும் இழுத்து, உள்ளே இருப்பதை எல்லாம் எடுத்துவிட்டுக் கையால் அளப்பதே சரி.

அளக்கும்போது தவறு வருவது மூலையில்தான். டேப்பை ஒரு பக்கச் சுவரில் முட்டி, மறு முனையில் வளைத்து எண்ணைப் படித்தால், வளைவில் சில மில்லிமீட்டர் தப்பிவிடும். டேப் பெட்டியையே மறு சுவரில் ஒட்டி நிறுத்தி, பெட்டியின் நீளத்தையும் சேர்த்துக்கொள்வது ஒரு வழி. அந்த நீளம் சில டேப்புகளின் முதுகில் அச்சிடப்பட்டிருக்கும். டேப் நுனியில் உள்ள கொக்கி கொஞ்சம் ஆடுவதைப் பார்த்துப் பழுது என்று சுத்தியலால் தட்டி இறுக்கிவிடுகிறவர்களும் உண்டு. அது ஆட வேண்டியதுதான். வெளியே மாட்டி இழுக்கும்போது தன் கனத்துக்கு நகரும், உள்ளே முட்டும்போது அதே அளவு பின்வாங்கும். அதனால்தான் இரண்டு வகையிலும் அளவு சரியாக வருகிறது.

டேப்பை விட எளிய வழி இரண்டு அட்டைத் துண்டுகள். பிஸ்கட் பெட்டி அட்டையில் இரு நீளப் பட்டைகள் வெட்டி, ஒன்றின் மேல் ஒன்றை வைத்து, ஒன்றை இடச் சுவரிலும் மற்றதை வலச் சுவரிலும் முட்டும்வரை நகர்த்த வேண்டும். முட்டியதும் ஒன்றுசேர்த்துப் பிடித்து, பட்டைகள் சேரும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, வெளியே எடுத்து மேசையில் வைத்து அளந்தால் போதும். வளைவும் இல்லை, கூட்டலும் இல்லை.

ஓர் இடத்தில் மட்டும் அளந்து நிறுத்தக் கூடாது. முன்னால், நடுவில், பின்னால் என்று மூன்று இடங்களில், தட்டு உட்காரும் அடிமட்டத்திலும் தட்டின் விளிம்பு வரும் உயரத்திலும் பார்க்க வேண்டும். சிப்போர்டு பக்கங்கள் ஈரத்தில் உப்பியிருக்கும். சிங்க்குக்குப் பக்கத்து லாச்சியில் இது அதிகம். திருகுத் தலை உள்ளே துருத்திக்கொண்டிருக்கும். தகரப் பக்கங்களின் மேலே ஓடும் கம்பியும் இடத்தைக் குறைக்கும். கிடைத்த எண்களில் மிகச் சிறியதே நம் அளவு.

மேலே சொன்ன முதல் லாச்சியில் முன்னால் 510, நடுவில் 508, பின்னால் 509 வந்தது என்று வைப்போம். எடுத்துக்கொள்ள வேண்டியது 508. தட்டைத் தூக்கிக் கழுவி மீண்டும் வைக்க 3 முதல் 5 மி.மீ. தளர்வு வேண்டும். ஆகவே 504 மி.மீ. வரை உள்ள தட்டு சரி. கடையில் 50 செ.மீ. தட்டு இருந்தால் அதை வாங்கலாம். மிஞ்சும் 8 மி.மீ. இடைவெளியில் ரப்பர் பட்டை ஒன்றை ஒட்டினால் தட்டு அசையாது. பிளாஸ்டிக் தட்டுகள் அடியில் குறுகி மேல் விளிம்பில் விரியும். அதனால் கடை தரும் எண் விளிம்புடையதா, அடியுடையதா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

அகலத்தைப் பார்க்கிறவர்கள் ஆழத்தை மறந்துவிடுவார்கள். 500 மி.மீ. நீள லாச்சிப் பெட்டியில் முன், பின் பலகைகள் போக உள்ளே 468 மி.மீ. தான் இருக்கும். 47 செ.மீ. தட்டு அதில் நுழையாது. இழுத்து விரிக்கும் மூங்கில் தட்டுகளும் அகலத்தில்தான் விரியும், ஆழத்தில் அல்ல. மூங்கில் நம் ஊர்ப் புழுக்கத்தில் சற்றே விரிவதால், அதற்குக் கூடுதலாக ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விடலாம்.

நம் சமையலறைக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. கடைத் தட்டுகளின் அறைகள் பெரும்பாலும் சாப்பாட்டு மேசைக் கரண்டிகளுக்காக வடிவமைக்கப்பட்டவை. சாம்பார் கரண்டியும் தோசைத் திருப்பியும் 30 செ.மீ. தாண்டும், அந்த அறைகளில் அடங்காது. இப்படிப்பட்ட வீடுகளுக்கு ஸ்பிரிங் வைத்து இறுக நிற்கும் பிரிப்பான்கள் பொருத்தமானவை. அவற்றைப் பக்கவாட்டில் முட்டும்படி வைத்தால் மெல்லிய பக்கப் பலகைகள் வெளியே தள்ளப்பட்டு, லாச்சி ரன்னரில் உரசி இறுகும். முன் பலகைக்கும் பின் பலகைக்கும் இடையில் முட்டும்படி வைப்பதே நல்லது. அப்போது நீளக் கரண்டிகளுக்கு நீள வரிசையும் கிடைக்கும். அதற்கு அளக்க வேண்டியது அகலம் அல்ல, உள் ஆழம். பிரிப்பானின் பெட்டியில் குறிப்பிட்டுள்ள குறைந்தபட்ச, அதிகபட்ச நீளங்களுக்கு நடுவில் அந்த எண் வர வேண்டும். விளிம்பு எண்ணைத் தொட்டு நின்றால் ஸ்பிரிங் பிடிக்காது, அல்லது பலகையை வளைக்கும்.