260, 280, 230: டிஎன்ஏ கரைசலை ஒளியால் அளப்பது

டிஎன்ஏவும் ஆர்என்ஏவும் கண்ணுக்குத் தெரியும் ஒளியை உறிஞ்சுவதில்லை. அதனால்தான் அவற்றின் கரைசல் தண்ணீரைப் போலவே நிறமற்று இருக்கிறது. புறஊதா ஒளியில் நிலைமை வேறு. அவற்றிலுள்ள காரங்களின் வளைய அமைப்பு 260 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியை மிகுதியாக உறிஞ்சும். கரைசலின் வழியே அந்த ஒளியைச் செலுத்தி, எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்று பார்த்தால் அதில் எவ்வளவு டிஎன்ஏ இருக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம். ஆய்வகங்களில் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் செய்யும் வேலை இதுதான்.

கணக்கு எளிது. ஒளி 1 சென்டிமீட்டர் தூரம் கரைசலைக் கடக்கும்போது 260-இல் உறிஞ்சல் 1 என்று வந்தால், அதில் மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம் இரட்டை இழை டிஎன்ஏ இருக்கிறது. ஒற்றை இழை டிஎன்ஏ என்றால் 33, ஆர்என்ஏ என்றால் 40. இன்று பரவலாக இருக்கும் நானோடிராப் வகைக் கருவிக்கு ஒன்றிரண்டு மைக்ரோலிட்டர் போதும். மேலும் கீழுமாக உள்ள இரண்டு சிறு முனைகளுக்கு நடுவே துளி ஒரு சிறு தூண் போல நிற்க, அதன் வழியே ஒளி செல்கிறது. அந்தத் தூணின் உயரம் 1 மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோதான். கருவி அதை 1 சென்டிமீட்டருக்கு மாற்றிக் கணக்கிட்டே திரையில் காட்டுகிறது.

இந்த முறையின் பலவீனம் ஒன்றே ஒன்றில் அடங்கும்: 260-இல் ஒளியை உறிஞ்சியது எது என்று கருவிக்குத் தெரியாது. டிஎன்ஏவோ, ஆர்என்ஏவோ, பிசிஆருக்குப் பின் மிஞ்சிய பிரைமரோ, தனி நியூக்ளியோடைடோ, எல்லாம் ஒரே கணக்கில் சேர்ந்துவிடும். கூடவே வந்த வேற்றுப் பொருள்களைக் காட்டிக்கொடுக்க மற்ற அலைநீளங்களின் உதவி தேவைப்படுகிறது. 280-இல் புரதங்கள், அவற்றிலுள்ள டிரிப்டோபேன், டைரோசின் ஆகியவற்றால், ஒளியை உறிஞ்சும். 230-இல் குவானிடின் உப்புகள், பீனால், ஈடிடிஏ, சில மாவுச்சத்துப் பொருள்கள் உறிஞ்சும். 320-இல் சுத்தமான கரைசல் எதையும் உறிஞ்சக் கூடாது. அங்கே எண் எழுந்தால் கரைசல் கலங்கியிருக்கிறது அல்லது துளியில் குமிழி இருக்கிறது என்று பொருள். 260-இன் உறிஞ்சலை 280-இன் உறிஞ்சலால் வகுத்தால் டிஎன்ஏவுக்குச் சுமார் 1.8, ஆர்என்ஏவுக்குச் சுமார் 2.0 வர வேண்டும். 230-ஆல் வகுத்தால் 2.0 முதல் 2.2 வரை.

இதில் 260/280 விகிதத்தின் மீது பலர் வைத்திருக்கும் நம்பிக்கை அதன் தகுதிக்கு மிஞ்சியது. ஜெர்மனியில் வார்பர்க்கும் கிறிஸ்டியனும் 1942-இல் இதைக் கொண்டுவந்தது டிஎன்ஏவைச் சோதிக்க அல்ல. அவர்கள் ஈஸ்ட்டிலிருந்து பிரித்தெடுத்த ஈனோலேஸ் என்ற புரதத்தில் நியூக்ளிக் அமிலம் எவ்வளவு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அறியவே இதைப் பயன்படுத்தினார்கள். அந்தத் திசையில் முறை நன்றாக வேலை செய்யும். ஏனெனில் டிஎன்ஏ மிக வலுவாக ஒளியை உறிஞ்சும். சிறிதளவு கலந்திருந்தாலும் தெரிந்துவிடும். எதிர்த்திசையில் அப்படியில்லை. மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் தூய டிஎன்ஏவின் உறிஞ்சல் 260-இல் 20, 280-இல் 11.1 என்று கொள்வோம். அதே அளவு புரதத்தின் உறிஞ்சல் 260-இல் சுமார் 0.6, 280-இல் சுமார் 1. இரண்டையும் சம எடையில் கலந்தால் 20.6-ஐ 12.1-ஆல் வகுக்க வேண்டும், விடை 1.70. பாதி எடை புரதமாக இருக்கும் கரைசலும் 1.8-லிருந்து அவ்வளவுதான் இறங்குகிறது. ஆகவே 1.8 என்ற எண்ணைப் புரதம் இல்லை என்பதற்கான சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

போதாக்குறைக்கு இந்த விகிதம் கரைசலின் பிஎச் மதிப்புக்கும் ஏற்ப மாறும். ஆய்வகத்தின் வடித்த நீர் காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை ஏற்றுச் சற்றே அமிலமாக இருக்கும். அதில் கரைத்த மாதிரிக்கு விகிதம் 0.2 முதல் 0.3 வரை குறைந்து வரலாம். பிஎச் 8 உள்ள டிஇ பஃபரில் கரைத்து அளந்தால் இந்தக் குழப்பம் நீங்கும். பிளாங்க் வைப்பதும் அதே பஃபரில்தான் இருக்க வேண்டும். தண்ணீரில் பிளாங்க் வைத்துவிட்டு டிஇ-யில் உள்ள மாதிரியை அளந்தால், பஃபரிலுள்ள ஈடிடிஏவும் சேர்ந்து 230-இன் எண்ணை உயர்த்திவிடும்.

மோசமான அளவீடு ஒன்றை எப்படிப் படிப்பது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 200 மைக்ரோலிட்டர் இரத்தத்திலிருந்து சிலிக்கா பத்தி வழியே எடுத்த டிஎன்ஏ, 100 மைக்ரோலிட்டர் பஃபரில் இருக்கிறது. திரையில் மைக்ரோலிட்டருக்கு 42 நானோகிராம், 260/280 விகிதம் 1.75, 260/230 விகிதம் 0.6 என்று தெரிகிறது. கடைசி எண்ணைப் பார்த்தவுடன் மாதிரியைக் கொட்டிவிடத் தோன்றும்.

முதலில் துளியைச் சந்தேகிக்க வேண்டும். முனைகளைத் துடைத்து, மீண்டும் பிளாங்க் வைத்து, மாதிரியை நன்றாகக் கலக்கிப் புதிய துளியை அளக்க வேண்டும். நீண்ட மரபணுத் தொகுதி டிஎன்ஏ பாகுபோல ஓரிடத்தில் திரண்டு நிற்கும். அப்படியானால் ஒவ்வொரு துளியும் ஒவ்வொரு எண்ணைத் தரும். 55 டிகிரி செல்சியஸில் சிறிது நேரம் வைத்து மெதுவாகக் கலந்தால் சீராகும். இந்த எடுத்துக்காட்டில் மூன்று துளிகளும் ஒரே எண்ணையே தருகின்றன. 320-இல் ஒன்றும் இல்லை. ஆகக் குறை கருவியில் அல்ல, கரைசலில்.

அடுத்து விகிதங்களை விட்டுவிட்டு அவற்றின் பின்னாலுள்ள எண்களைப் பார்க்க வேண்டும். 42 நானோகிராம் என்றால் 260-இல் உறிஞ்சல் 0.84. 230-இல் இருப்பது 1.40. தூய டிஎன்ஏவாக இருந்தால் 230-இல் 0.40 மட்டும் வந்திருக்கும். மீதி 1.0 வேறு எதனுடையதோ. இதே அளவு அழுக்கு, பத்து மடங்கு டிஎன்ஏ உள்ள கரைசலில் இருந்தால் கணக்கு 8.4-ஐ 5.0-ஆல் வகுப்பதாக மாறி, விகிதம் 1.68 ஆகிவிடும். அழுக்கு அதேதான், விகிதம் மட்டும் தலைகீழ். குறைந்த டிஎன்ஏ உள்ள மாதிரிகளில் 260/230 எப்போதும் மோசமாகத் தெரிவதற்குக் காரணம் இதுவே.

அழுக்கு எது என்பதை வளைகோட்டின் வடிவம் சொல்லும். தூய டிஎன்ஏவின் கோடு 230-இல் பள்ளமும் 260-இல் மேடுமாக இருக்கும். பீனால் மிஞ்சியிருந்தால் மேடு 270-ஐ நோக்கி நகரும். அப்போது டிஎன்ஏ அளவும் மிகையாகவே காட்டப்படும். நம் மாதிரியில் மேடு 260-இலேயே நிற்கிறது. பள்ளம் தூர்ந்துபோய், கோடு இடப்பக்கம் செங்குத்தாக ஏறுகிறது. டிஎன்ஏவைச் சிலிக்காவில் ஒட்டவைக்கச் சேர்த்த குவானிடின் உப்பு கழுவலில் முழுதாகப் போகவில்லை என்பதற்கு இது அடையாளம். சாதாரண பிசிஆருக்கு என்றால் இந்த அளவு உப்பு பெரும்பாலும் தடையாக இருக்காது; அப்படியே பயன்படுத்திப் பார்க்கலாம். நீக்கியே ஆக வேண்டுமென்றால் 100 மைக்ரோலிட்டர் மாதிரிக்கு 10 மைக்ரோலிட்டர் 3 மோலார் சோடியம் அசிடேட்டும், குளிர்ந்த எத்தனால் 275 மைக்ரோலிட்டரும் சேர்த்து, சுழற்றி வீழ்படிவாக்கி, 70 விழுக்காடு எத்தனாலால் கழுவிக் கரைக்க வேண்டும். கொஞ்சம் டிஎன்ஏ இதில் இழப்பாகும். அடுத்த முறை பத்தியின் விளிம்பையும் சேர்த்து இருமுறை கழுவி, காலியாக ஒருமுறை சுழற்றினால் இந்த வேலை மிச்சம்.

எல்லா விகிதங்களும் சரியாக வந்த மாதிரியிலும் ஆர்என்ஏ மறைந்திருக்கலாம். அது விகிதத்தைக் கெடுப்பதற்குப் பதிலாக 2.0-ஐ நோக்கி உயர்த்தி அழகுபடுத்தும். மைக்ரோலிட்டருக்கு 10 நானோகிராமுக்குக் குறைவான மாதிரிகளில் விகிதங்களைப் பொருட்படுத்தவே வேண்டாம். இவ்விரு இடங்களிலும், இரட்டை இழை டிஎன்ஏவோடு சேர்ந்தால் மட்டும் ஒளிரும் சாயத்தைக் கொண்டு ஃபுளோரோமீட்டரில் அளந்த எண்ணையே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் உப்போ பீனாலோ இருக்கிறதா என்பதை அந்தச் சாயம் சொல்லாது.