சாய்வுப் பலகையும் இரண்டு விடைகளும்

100 கிலோ எடையுள்ள மரப்பெட்டி ஒன்றை லாரியில் ஏற்ற வேண்டும். கயிறு கட்டி நேராக மேலே தூக்கலாம். அல்லது ஒரு பலகையைச் சாய்த்துவைத்து, அதன் மேல் இழுத்து ஏற்றலாம். சாய்வில் இழுத்தால் பாரம் குறையும் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் பலகை சொரசொரப்பாக இருந்து, சாய்வும் அதிகமாகிவிட்டால், நேராகத் தூக்குவதைவிடப் பலகையில் இழுப்பதற்கே அதிக பலம் வேண்டியிருக்கும். எந்தக் கோணத்தில் இந்த மாற்றம் நடக்கிறது என்று கேட்டால், பள்ளிக்கூடத்து முக்கோணவியலில் வரும் ஒரு சமன்பாட்டின் முன் போய் நிற்கிறோம்: a sin x + b cos x = c.

தரையோடு பலகை செய்யும் கோணத்தை x என்போம். இழுவிசையையும் கிலோவிலேயே சொல்கிறேன். அத்தனை கிலோவை அசையாமல் தாங்கிப் பிடிக்கத் தேவையான விசை என்று எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் எடை பலகையில் இரண்டாகப் பிரிகிறது. பலகை வழியே பெட்டியைக் கீழே இழுக்கும் பகுதி 100 sin x. பலகையை அழுத்தும் பகுதி 100 cos x. இந்த அழுத்தம்தான் உராய்வைத் தருகிறது. உராய்வுக் கெழு 0.75 என்று கொண்டால், உராய்வு 75 cos x. பெட்டியை மெதுவாக, ஒரே சீராக மேலே இழுக்க இரண்டையும் வென்றாக வேண்டும். ஆகவே தேவைப்படும் விசை 100 sin x + 75 cos x. இது நேராகத் தூக்கும் 100 கிலோவுக்குச் சமமாகும் இடத்தைத்தான் தேடுகிறோம். இருபுறமும் 25-ஆல் வகுத்தால்,

4 sin x + 3 cos x = 4

இதில் உள்ள சங்கடம் என்னவென்றால், தெரியாத x ஒன்றுதான், ஆனால் அது சைனுக்குள்ளும் கொசைனுக்குள்ளும் ஒரே சமயத்தில் உட்கார்ந்திருக்கிறது. கோணம் கூடக்கூட ஒன்று ஏறுகிறது, மற்றது இறங்குகிறது. இரண்டையும் ஒரே சைனாகக் கட்டிவிட்டால் வேலை முடிந்தது. அப்படிக் கட்ட உதவுவது கோணங்களின் கூட்டல் சூத்திரம். இரண்டாம் பாஸ்கரர் 1150-இல் எழுதிய சித்தாந்த சிரோமணியிலேயே அது இருக்கிறது:

sin(x + φ) = sin x cos φ + cos x sin φ

இதை நம் சமன்பாட்டின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். cos φ இருக்கும் இடத்தில் நம்மிடம் 4 இருக்கிறது. Sin φ இருக்கும் இடத்தில் 3. ஒரு கோணத்தின் கொசைன் 4 ஆக முடியாது. ஆனால் 3, 4 ஆகியவற்றைச் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாக வரைந்தால், கர்ணம் 5. எல்லாவற்றையும் 5-ஆல் வகுத்தால் 0.8, 0.6 என்று வருகின்றன. இவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் சரியாக 1. ஆகவே ஒரே கோணத்தின் கொசைனாக 0.8-ம் சைனாக 0.6-ம் இருக்க முடியும். அந்தக் கோணம் 36.87 பாகை. பொதுவாகச் சொன்னால், வகுக்க வேண்டிய எண் a, b இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி எடுத்த வர்க்கமூலம். இந்த வகுத்தலை விட்டுவிட்டால் அடுத்த படி எதுவுமே நிற்காது.

இப்போது சமன்பாடு sin(x + 36.87°) = 0.8 என்று சுருங்கிவிட்டது. கால்குலேட்டரில் 0.8-க்கு நேர்மாறு சைன் கேட்டால் 53.13 என்று காட்டும். அதிலிருந்து 36.87-ஐக் கழித்தால் x = 16.26 பாகை. பலர் இங்கேயே பேனாவை மூடிவிடுகிறார்கள். சைன் 0.8 ஆகும் கோணம் இன்னொன்றும் இருக்கிறது: 180-இலிருந்து 53.13-ஐக் கழித்த 126.87. அதிலிருந்து 36.87 போனால் x = 90 பாகை. முழுச் சுற்றுகளைக் கூட்டிக்கொண்டே போனால் விடைகள் முடிவில்லாமல் வரும். ஒரு சுற்றுக்குள் இவை இரண்டுதான்.

90 பாகை என்றால் பலகை செங்குத்தாக நிற்கிறது. பெட்டி பலகையை அழுத்தவே இல்லை, உராய்வும் இல்லை. அதாவது நேராகத் தூக்குவதேதான்; 100 கிலோ வந்தே தீர வேண்டும். கணக்கு அதை எங்கிருந்தோ தானாகவே கண்டுபிடித்துத் தந்திருக்கிறது. எனக்கு இந்தச் சமன்பாட்டில் மிகவும் பிடித்த இடம் இது. 16.26 பாகைக்குக் கீழே பலகை நமக்கு உதவி. அதற்கும் 90-க்கும் இடையில் எந்தச் சாய்வில் வைத்தாலும் நேராகத் தூக்குவதைவிட அதிகமாகவே இழுக்க வேண்டும். அந்த இடைவெளியில் மிக மோசமான சாய்வு 53.13 பாகை. அங்கே sin(x + 36.87°) தன் உச்சமான 1-ஐத் தொடுகிறது, இழுவிசை 125 கிலோ.

ஏன் சரியாக இரண்டு விடைகள்? ஒரு படம் வரைந்தால் கண்ணுக்கே தெரிந்துவிடும். மையத்திலிருந்து ஆரம் 1 உள்ள வட்டத்தில், x என்ற கோணத்தில் இருக்கும் புள்ளியின் ஆயங்கள் cos x, sin x. அவற்றை X, Y என்று எழுதினால் நம் சமன்பாடு 3X + 4Y = 4 ஆகிறது. இது ஒரு நேர்க்கோடு. ஆக நாம் தேடியதெல்லாம், ஒரு கோடு ஒரு வட்டத்தை எங்கே வெட்டுகிறது என்பதைத்தான். இந்தக் கோடு மையத்திலிருந்து 4/5, அதாவது 0.8 தொலைவில் போகிறது. ஆரம் 1 என்பதால் வட்டத்தை இரண்டு இடங்களில் வெட்டியாக வேண்டும். வலப்பக்கம் 4-க்குப் பதில் 5 இருந்தால் கோடு வட்டத்தைத் தொட்டுவிட்டுப் போகும், ஒரே விடை. 6 இருந்தால் தொலைவு 1.2, கோடு வட்டத்தின் பக்கமே வராது, விடையும் கிடையாது. c-இன் அளவு, a, b வர்க்கங்களின் கூட்டுத்தொகையின் வர்க்கமூலத்தைத் தாண்டக் கூடாது என்று பாடப்புத்தகம் போடும் நிபந்தனை இந்தப் படத்திலிருந்து வருவதுதான். 4 சைனும் 3 கொசைனும் சேர்ந்து 7 வரை போகலாமே என்று தோன்றும். இரண்டும் ஒரே கோணத்தில் உச்சத்துக்குப் போவதில்லை என்பதால் 5-க்கு மேல் ஏறாது.

படம் இன்னொரு சரிபார்ப்பையும் தருகிறது. மையத்திலிருந்து கோட்டுக்கு வரையும் செங்குத்து, வெட்டுத்துண்டைச் சரிபாதியாக்கும். எனவே இரு விடைகளின் நடுக்கோணம் எப்போதும் அந்த உச்சக் கோணமே. 16.26-ஐயும் 90-ஐயும் கூட்டிப் பாதியாக்குங்கள்: 53.13. கயிறு 120 கிலோ வரைதான் தாங்கும் என்றால் c = 4.8. அதற்கான விடைகள் 36.87-ம் 69.39-ம். இவற்றுக்கு நடுவிலும் அதே 53.13 நிற்கிறது. அந்த இரண்டு கோணங்களுக்கும் இடைப்பட்ட சாய்வில் பெட்டியை இழுத்தால் கயிறு அறும்.

ஒரு சுற்றில் இத்தனை விடைகள்தான் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது, வேறு வழிகளில் போகும்போது பெரிய பாதுகாப்பு. துணைக்கோணம் எதற்கு, இருபுறமும் வர்க்கம் எடுத்துவிடலாமே என்று பல மாணவர்கள் தொடங்குவார்கள். 3 cos x = 4 − 4 sin x என்று எழுதி, வர்க்கப்படுத்தி, cos²x-க்குப் பதில் 1 − sin²x போட்டால், 25 sin²x − 32 sin x + 7 = 0 என்ற இருபடிச் சமன்பாடு வருகிறது. sin x = 1 அல்லது 0.28. முதலாவது 90 பாகையைத் தருகிறது. இரண்டாவது 16.26-ஐயும் 163.74-ஐயும் சேர்த்துத் தருகிறது. இப்போது கையில் மூன்று விடைகள். ஒரு கோடு வட்டத்தை மூன்று இடங்களில் வெட்டாது. ஆகவே ஒன்று போலி. 163.74-ஐ மூலச் சமன்பாட்டில் வைத்தால் 1.12 − 2.88, அதாவது −1.76 வருகிறது, 4 அல்ல. வர்க்கம் எடுத்தபோது 3 cos x-க்கும் −3 cos x-க்கும் இருந்த வேறுபாடு அழிந்துபோனது. 163.74 என்பது 4 sin x − 3 cos x = 4 என்ற வேறொரு சமன்பாட்டின் விடை. வர்க்கப்படுத்தும் வழி தவறில்லை. ஆனால் கிடைத்த ஒவ்வொரு கோணத்தையும் மூலச் சமன்பாட்டில் வைத்துப் பார்த்த பிறகே ஏற்க வேண்டும்.

குறிகளிலும் கவனம் வேண்டும். −4 sin x − 3 cos x என்று இருந்தால், துணைக்கோணத்துக்கு tan φ = 3/4 என்றே வரும்; கால்குலேட்டர் அதே 36.87-ஐக் காட்டும். உண்மையில் φ மூன்றாம் கால்பகுதியில், 216.87-இல் இருக்கிறது. முதலிலேயே சமன்பாடு முழுவதையும் −1-ஆல் பெருக்கி, சைனின் கெழுவை நேர் எண்ணாக்கிக்கொண்டால் இந்தத் தொல்லை வராது. கணினியில் எழுதுபவர்கள் `atan2(b, a)` என்று கேட்டால், அது இரண்டு எண்களின் குறிகளையும் பார்த்துச் சரியான கால்பகுதியைச் சொல்லிவிடும்.

மூன்றாவது வழியில் ஆபத்து எதிர்த்திசையில் இருக்கிறது. அரைக்கோணத்தின் டேன்ஜென்ட்டை t என்று வைத்தால், sin x = 2t/(1 + t²), cos x = (1 − t²)/(1 + t²). நம் சமன்பாடு 7t² − 8t + 1 = 0 ஆகிறது. t = 1/7 என்பது 16.26 பாகை, t = 1 என்பது 90 பாகை. போலி விடை எதுவும் இல்லை, துணைக்கோணமும் தேவைப்படவில்லை. மிகச் சுத்தமான வழி. ஆனால் x = 180 என்றால் அரைக்கோணம் 90; அதற்கு டேன்ஜென்ட்டே கிடையாது. விடைகளில் ஒன்று 180-ஆக இருந்தால் இந்த வழியின் கண்ணில் அது படாது. 4 sin x + 3 cos x = −3 என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அரைக்கோண வழியில் போட்டால் இருபுறமும் −3t² வந்து அடிபட்டுப்போகிறது; மிஞ்சுவது 8t = −6. t = −3/4, x = 286.26 பாகை. ஒரே ஒரு விடை. ஆனால் கோடு மையத்திலிருந்து 3/5 தொலைவில்தான் போகிறது, இரண்டு இடங்களில் வெட்டியே ஆக வேண்டும். காணாமல் போனது 180 பாகை: அங்கே சைன் 0, கொசைன் −1, இடப்பக்கம் சரியாக −3. b-ஐயும் c-ஐயும் கூட்டினால் பூஜ்யம் வரும்போதெல்லாம் இப்படித்தான் நடக்கும். இருபடியாக வர வேண்டிய சமன்பாட்டில் t² மறைந்துவிட்டால், 180 பாகையை நாமே தனியாக வைத்துப் பார்த்து விடைகளோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.