நடு அட்டை மட்டும் கண்ணில் படட்டும்

கடைகளுக்கான பில்லிங் மென்பொருளை விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 499, 999, 1,999 ரூபாய் என மூன்று திட்டங்கள். வாடிக்கையாளருக்கு நீங்கள் பரிந்துரைப்பது 999 ரூபாய்த் திட்டம். மூன்றையும் ஒரே ஸ்லைடில் காட்ட வேண்டும்.

பவர்பாயின்ட்டின் அகன்ற ஸ்லைடு 13.33 அங்குல அகலம். ஓர அட்டைகளுக்கு 3.6 அங்குலம், நடு அட்டைக்கு 4.2, இடைவெளிகள் 0.3 என்று வைத்தால் மொத்தம் 12 அங்குலம். இருபுறமும் மூச்சுவிட இடம் மிஞ்சும். நடு அட்டையின் உயரம் மேலும் கீழும் 0.3 அங்குலம் நீளட்டும்.

பலரும் சறுக்குவது இங்கேதான். எழுத்தையும் சேர்த்து அட்டையைப் பெரிதாக்கினால் வரிசைகள் கலைந்துவிடும். 'எத்தனை பயனர்கள்' என்ற வரி மூன்று அட்டைகளிலும் ஒரே மட்டத்தில் இருந்தால்தான் கண் குறுக்கே ஓடி ஒப்பிடும். ஆகவே பின்னணிப் பெட்டியை மட்டும் பெரிதாக்குங்கள். எழுத்து இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

நிறம் நடு அட்டைக்கு மட்டும் போதும். மற்றவை வெள்ளைப் பின்னணியில் சாம்பல் கோட்டோடு நிற்கலாம், ஆனால் எழுத்து மங்கக் கூடாது. விலையுயர்ந்த திட்டத்துக்குத் தங்க நிறம் பூசும் ஆசை பலருக்கு வரும். பூசினால் இரண்டு அட்டைகள் சண்டை போடும்.

வெளிர் நிறங்கள் புரொஜெக்டரில் வெளுத்துப்போகும். அதனால் ஸ்லைடைக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டுப் பாருங்கள். அதிலும் நடு அட்டை முதலில் தெரியாவிட்டால் நிறத்தை இன்னும் அடர்த்தியாக்குங்கள்.