ஆத்மகாரகன் யார்? பாகையைப் பாருங்கள்

சூரியன் என்றால் தந்தை, சந்திரன் என்றால் தாய், சுக்கிரன் என்றால் களத்திரம். வழக்கமான ஜோதிடத்தில் இந்தப் பொறுப்புகள் எல்லா ஜாதகத்துக்கும் பொது. ஜைமினி முனிவர் பெயரில் வழங்கும் உபதேச சூத்திரங்கள் இதோடு இன்னொரு முறையையும் தருகின்றன. அதில் எந்தக் கிரகம் எந்தப் பொறுப்பை ஏற்கும் என்பது ஜாதகத்துக்கு ஜாதகம் மாறும். அப்படி மாறுவதால்தான் அவர்களுக்குச் சர காரகர்கள் என்று பெயர். அவர்களில் முதல்வன் ஆத்மகாரகன். ஒரு பிறவியில் ஆத்மா எதைக் கற்க வந்தது என்பதை அவனை வைத்துத்தான் சொல்ல வேண்டும் என்பது ஜைமினி மரபின் நம்பிக்கை. இதற்கு அறிவியல் சான்று எதுவும் இல்லை. ஆனால் அவனைத் தேர்ந்தெடுக்கும் முறை சுத்தமான கணக்கு. யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு ராசிக்கு 30 பாகை. கிரகம் எந்த ராசியில் இருக்கிறது என்பதை இங்கே மறந்துவிட வேண்டும். அந்த ராசிக்குள் எத்தனை பாகை கடந்திருக்கிறது என்பது மட்டுமே கணக்கு. அதிகம் கடந்தவன் ஆத்மகாரகன். அடுத்தவன் அமாத்யகாரகன், அதாவது மந்திரி. தொழிலை அவனிடம் பார்ப்பார்கள். பிறகு சகோதரத்துக்கு பிராத்ருகாரகன், தாய்க்கு மாத்ருகாரகன், பிள்ளைகளுக்குப் புத்ரகாரகன், பங்காளிக்கும் பகைக்கும் ஞாதிகாரகன். கடைசியில், குறைந்த பாகையில் நிற்பவன் துணைக்குரிய தாரகாரகன். உச்சம், நீசம், ஆட்சி, பகை எதுவும் இந்தத் தேர்வில் நுழைவதில்லை. நீசமான கிரகமும் ஆத்மகாரகன் ஆகலாம்.

ஜோதிடர்கள் அடிக்கடி எடுத்துக்கொள்ளும் ஒரு ஜாதகத்தில் இதைப் போட்டுப் பார்ப்போம். 1947 ஆகஸ்ட் 15 நள்ளிரவு, டெல்லி: சுதந்திர இந்தியாவின் ஜாதகம். லாகிரி அயனாம்சப்படி கிரகங்கள் ஏறக்குறைய இப்படி நிற்கின்றன:

சூரியன் – கடகம் 27 பாகை 59 கலை
குரு – துலாம் 25 பாகை 52 கலை
சுக்கிரன் – கடகம் 22 பாகை 34 கலை
சனி – கடகம் 20 பாகை 28 கலை
புதன் – கடகம் 13 பாகை 40 கலை
செவ்வாய் – மிதுனம் 7 பாகை 27 கலை
சந்திரன் – கடகம் 3 பாகை 59 கலை

மேலிருந்து கீழே படித்தால் போதும். சூரியன் ஆத்மகாரகன், குரு அமாத்யகாரகன், சந்திரன் தாரகாரகன். சூரியன் கடகத்தின் ஒன்பதாவது, அதாவது கடைசி நவாம்சத்தில் இருக்கிறான். கடகத்தின் நவாம்சங்கள் கடகத்தில் தொடங்கி மீனத்தில் முடியும். ஆகவே நவாம்சக் கட்டத்தில் சூரியன் மீனத்தில் வருவான். ஆத்மகாரகன் நவாம்சத்தில் நிற்கும் இந்த ராசிக்குக் காரகாம்சம் என்று பெயர். ஜைமினி முறையில் பலன் சொல்வதில் பெரும்பகுதி இங்கிருந்துதான் தொடங்குகிறது. எனவே ஆத்மகாரகன் மாறினால் பலனும் அடியோடு மாறும்.

மாறுமா? மாறும். சூத்திரமே ஏழு கிரகங்களில் அல்லது எட்டில் என்று இரண்டுக்கும் இடம் விட்டிருக்கிறது. எட்டாவது கிரகம் ராகு. பி.வி. ராமனும் கே.என். ராவும் ஏழு கிரகங்களோடு நின்றார்கள். சஞ்சய் ரத் எட்டைக் கொள்கிறார். எட்டு கொள்ளும்போது தந்தைக்குப் பித்ருகாரகன் என்று தனி இடம் உண்டு. கேது மோட்சத்துக்கு உரியவன் என்பதால் இரண்டு முறையிலும் இல்லை. ராகு பின்னோக்கி நகர்பவன். ராசிக்குள் அவன் நுழைவதே 30-ஆம் பாகை வழியாகத்தான். அதனால் அவனுடைய பாகையை 30-இல் கழித்து, வருவதைக் கொள்ள வேண்டும்.

இந்தியாவின் ஜாதகத்தில் ராகு ரிஷபத்தில் சுமார் 5 பாகை. கழித்தால் கிட்டத்தட்ட 25 வருகிறது. குருவுக்கு அடுத்து, சுக்கிரனுக்கு முன்னால், ராகு மூன்றாமவனாகிறான். சுக்கிரன், சனி இருவரும் ஒரு பொறுப்பு இறங்குகிறார்கள். முதல் இரண்டு பொறுப்புகளும் கடைசி மூன்றும் அப்படியே இருக்கின்றன. இங்கே ஏழா எட்டா என்ற சண்டை ஆத்மகாரகனைத் தொடவில்லை. ராகு ஒரு ராசியின் முதல் ஒன்றிரண்டு பாகைக்குள் இருந்திருந்தால், சூரியனைத் தள்ளிவிட்டு அவனே ஆத்மகாரகன் ஆகியிருப்பான்.

அயனாம்சம் அடுத்த சிக்கல். ராமன் அயனாம்சத்தில் கிரகங்கள் லாகிரியைவிட ஏறக்குறைய ஒன்றரைப் பாகை முன்னே இருக்கும். எல்லாக் கிரகமும் ஒரே அளவு நகர்வதால் வரிசை மாறாது என்று தோன்றும். ஆனால் லாகிரியில் 29 பாகையில் இருக்கும் கிரகம் ராமனில் அடுத்த ராசியின் முதல் பாகைக்குத் தாண்டிவிடும். முதலில் நின்றவன் கடைசிக்குப் போய்விடுகிறான். ஆத்மகாரகன் தாரகாரகன் ஆகிறான்! வரிசையில் முதலில் இருப்பவனே ராசியின் எல்லைக்கு அருகில் இருப்பதால், இந்த ஆபத்து அவனுக்குத்தான் அதிகம். இந்தியாவின் சூரியன் எல்லைக்கு இரண்டு பாகை தள்ளி இருப்பதால் தப்பிக்கிறான். ராகுவின் கணக்கு தலைகீழ் என்பதால் மற்றவர்கள் ஏற அவன் இறங்குகிறான். ராமன் அயனாம்சத்தில் அவன் சுக்கிரனுக்குக் கீழே, நான்காம் இடத்துக்குப் போகிறான்.

பிறந்த நேரம் தவறினால் முதலில் ஆடுவது சந்திரன். அது மணிக்குச் சுமார் அரைப் பாகை நகர்கிறது. சூரியனுக்கு அதே தூரத்துக்கு அரை நாள் வேண்டும். நம் உதாரணத்தில் சந்திரன் செவ்வாயைத் தாண்ட ஆறேழு மணி நேரம் ஆகும். அதுவரை தாரகாரகன் அவனே. இரண்டு கிரகங்களின் பாகை சமமானால் கலையைப் பார்க்க வேண்டும், அதுவும் சமமானால் விகலையை. அவ்வளவு நெருக்கத்தில் சில நிமிட நேரப் பிழைகூடச் சந்திரனின் இடத்தை மாற்றிவிடும்.

வீட்டில் இருக்கும் பழைய ஜாதக நோட்டில் பல சமயம் பாகை இருக்காது. ராசிக் கட்டமும் நவாம்சக் கட்டமும் மட்டும் இருக்கும். அதுவும் ஓரளவுக்கு உதவும். ஒரு நவாம்சம் 3 பாகை 20 கலை. மேஷம், சிம்மம், தனுசு ராசிகளில் நவாம்சம் மேஷத்திலிருந்து எண்ணப்படும். ரிஷபம், கன்னி, மகரத்துக்கு மகரத்திலிருந்து. மிதுனம், துலாம், கும்பத்துக்குத் துலாத்திலிருந்து. கடகம், விருச்சிகம், மீனத்துக்குக் கடகத்திலிருந்து. இப்படி எண்ணி எந்தக் கிரகம் ஒன்பதாவது நவாம்சத்தில் தனியாக நிற்கிறதோ, ஏழு கிரக முறையில் அதுவே ஆத்மகாரகன். இந்தியாவின் சூரியன் அப்படித் தனித்துத் தெரிகிறான். ஆனால் சுக்கிரனும் சனியும் கடகத்தின் ஏழாவது நவாம்சமான மகரத்திலேயே இருக்கிறார்கள். அவர்களில் யார் முன்னே என்பதைக் கட்டம் சொல்லாது, பாகை வேண்டும். அந்தப் பாகையும் வாக்கியப் பஞ்சாங்கத்தில் ஒன்றாகவும் திருக்கணிதத்தில் வேறாகவும் வரலாம். சனிப்பெயர்ச்சிக்கு இரண்டு தேதிகள் கேட்டுப் பழகிய நமக்கு இது புதிதல்ல.

ஆகவே, ‘உங்கள் ஆத்மகாரகன் இன்ன கிரகம்’ என்று யாராவது சொன்னால் மூன்று கேள்விகள் கேட்கலாம். எந்தப் பஞ்சாங்கம், எந்த அயனாம்சம்? ஏழா, எட்டா? முதல் இருவருக்கும் இடைவெளி எவ்வளவு, முதலாமவன் ராசி எல்லைக்கு எத்தனை அருகில் இருக்கிறான்? எந்த வழியில் கணக்குப் போட்டாலும் அதே கிரகம் வந்தால் தேர்வு உறுதி. வழிக்கு ஒரு கிரகம் வந்தால், அதன் மேல் கட்டும் பலனுக்கு அந்த ஜோதிட மரபுக்குள்ளேயே அடித்தளம் இல்லை.