தடம் மாற்றும் தொடர்கள்

மதுரை மாவட்டம் மேலூரை அடுத்துள்ள திருவாதவூர், மாணிக்கவாசகர் பிறந்த ஊராகும். அதனால் அவர் வாதவூரர் எனப்பட்டார். பாண்டியனின் அமைச்சராகிய அவர், குதிரை வாங்கத் திருப்பெருந்துறைக்குச் சென்றார் என்பது நாம் அறிந்த கதை. அக்கதையை நினைவிற்கொண்டு பின்வரும் தொடர்களைப் படிப்போம்.

1. வாதவூரர் குதிரை வாங்கச் சென்ற ஊர் திருப்பெருந்துறை.

2. வாதவூரர் குதிரை வாங்கச் சென்ற வீரரை அழைத்தார்.

முதல் தொடர் தடையின்றிச் செல்கிறது. இரண்டாம் தொடரில் ‘வீரரை’ என்னுமிடத்தில் மனம் இடறுகிறது. சென்றவர் வாதவூரர் என்று கொண்டிருந்தோம்; சென்றவர் வீரர் என இப்போது தெரிகிறது. ‘வாதவூரர்’ என்னும் எழுவாயைச் ‘சென்ற’ என்னும் பெயரெச்சத்திலிருந்து பிரித்து, ‘அழைத்தார்’ என்னும் பயனிலையுடன் சேர்க்க வேண்டியுள்ளது. இவ்வாறு இலக்கணப் பிழை இல்லாதிருந்தும் படிப்பவரை முதலில் வேறு வழியில் செலுத்தும் தொடரை, ஆங்கில மரபையொட்டித் ‘தோட்டப்பாதைத் தொடர்’ என மொழியியலார் அழைப்பர்.

இடறல் உணர்த்துவது

தமிழில் பயனிலை பெரும்பாலும் இறுதியில் வரும். அதுவரை மனம் சொற்களைச் சேர்த்து வைத்துக் காத்திருந்தால், ‘வீரரை’ என்னுமிடத்தில் வியப்புக்கு இடமிராது. எனவே, ஒவ்வொரு சொல்லும் வந்தவுடனே மனம் அதை முந்தைய சொற்களோடு இணைத்துப் பொருள் கொள்கிறது. இதுவே படிப்படியான தொடர்ப்பகுப்பு. உறவு தெரியாத சொற்களை நெடுநேரம் நினைவில் தாங்குவது கடினமாதலின், மனம் எளிய அமைப்பையே முதலில் தேர்கிறது.

லின் ஃபிரேசியர், கீத் ரெய்னர் ஆகியோர் ஆங்கிலத் தொடர்களைப் படிப்போரின் கண்ணசைவைப் பதிவுசெய்து 1982இல் ஆய்வு வெளியிட்டனர். முதற்பொருளை மறுக்கும் சொல்லில் கண் கூடுதல் நேரம் தங்கியது. பலமுறை பின்னோக்கியும் சென்றது.

பொருளின் துணை

‘வாதவூரர் புல் மேய்ந்த குதிரையைப் பார்த்தார்’ என்னும் தொடரும் இரண்டாம் தொடரைப் போன்ற அமைப்புடையதே. ஆயினும், இங்கு எவரும் வழி தவறுவதில்லை. மேய்வது மனிதர் செயலன்று என்னும் அறிவு உடனே துணை வருகிறது. குதிரை வாங்கும் தொடரிலோ நாம் அறிந்த கதையே தவறான பொருளுக்கு வலுவூட்டுகிறது. அமைப்பு, பொருள், உலக அறிவு மூன்றும் தொடரைப் புரிந்துகொள்வதில் பங்கேற்கின்றன என்பதை இவ்வேறுபாடு காட்டுகிறது.

எழுதும்போது

வாய்விட்டுப் படிப்பவர் ‘வாதவூரர்’ என்றதும் சற்றே நிறுத்தினால் மயக்கம் பெரிதும் நீங்கும். எழுத்தில் அந்நிறுத்தத்தைக் காற்புள்ளி உணர்த்தும். அதனினும் தெளிவான வழி, எழுவாயை அதற்குரிய பயனிலைக்கு அருகில் வைப்பதாகும்: ‘குதிரை வாங்கச் சென்ற வீரரை வாதவூரர் அழைத்தார்.’ சொற்கள் மாறவில்லை. ஒரு சொல்லின் இடம் மட்டுமே மாறியது. படிப்பவர் திரும்பிச் செல்ல வேண்டிய தேவை அதனால் நீங்கியது.