‘சார்ஜிங் இருக்கு சார்’ என்றால் எது இருக்கிறது?

மலையில் தங்குமிடம் தேடும் மின்சார கார்க்காரர்கள் எல்லோரும் போனில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “அண்ணே, கார் சார்ஜ் போட வசதி இருக்கா?” பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: “இருக்கு சார், வாங்க.” இதில் யாரும் பொய் சொல்வதில்லை. கேட்டவர் மனதில் இருப்பது காருக்கான சார்ஜர். பதில் சொன்னவர் மனதில் இருப்பது வராந்தாவில் டேபிள் ஃபேன் மாட்டும் பிளக். சில நெடுஞ்சாலை உணவகங்களில் வாசலில் இருப்பது ஏத்தர் ஸ்கூட்டருக்கான சார்ஜராக இருக்கும். அதன் முனை காருக்குள் நுழையவே நுழையாது.

அதனால் ‘இருக்கா’ என்று கேட்டுப் பயனில்லை. என்ன இருக்கிறது, எவ்வளவு இழுக்கலாம், எப்படிக் காசு வாங்குவார்கள் என்று கிளம்புவதற்கு முன்பே தெரிய வேண்டும்.

திருச்சியிலிருந்து கொடைக்கானலுக்கு ஒரு குடும்பம் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். காரின் பேட்டரி நாற்பது யூனிட் கொள்ளும். சமவெளியில் நூறு கிலோமீட்டருக்குச் சுமார் 15 யூனிட் செலவாகும். திண்டுக்கல் வழியாக வத்தலக்குண்டு வரை போவதற்குள் பாதி பேட்டரி காலி. அங்கிருந்து மலைப்பாதை. ஆட்களோடும் பெட்டிகளோடும் ஏறக்குறைய 1,900 கிலோ எடையுள்ள காரை 1,800 மீட்டர் உயரத்துக்குத் தூக்குவதற்கே ஒன்பது யூனிட்டுக்கு மேல் வேண்டும். சாலையில் ஓடுவதற்கான செலவு அதற்கு மேல் தனி. ஆக மலையேறி முடிக்க 17 யூனிட் வரை போய்விடும். அடிவாரத்தில் வேக சார்ஜரில் கொஞ்ச நேரம் போட்டுக்கொண்டு ஏறினால், தங்குமிடத்துக்குள் நுழையும்போது பேட்டரியில் இருபது சதவீதம் மிஞ்சும். மறுநாள் ஊர் சுற்றவும் திரும்பவும் அந்த ஹோம்ஸ்டேயின் பிளக்தான் கதி.

அந்த பிளக் எது? நம் வீடுகளில் மூன்று முனை பிளக் இரண்டு அளவில் உண்டு. சின்னது 6 ஆம்பியர், பெரியது 16 ஆம்பியர். பழக்கத்தில் ‘அஞ்சு ஆம்ப்’, ‘பதினஞ்சு ஆம்ப்’ என்றுதான் சொல்கிறோம். காரோடு கொடுக்கும் கையடக்க சார்ஜருக்குப் பெரியது வேண்டும். அது இழுப்பது ஏறக்குறைய 14 ஆம்பியர், அதாவது மூன்று கிலோவாட்டுக்குச் சற்று மேல். ஹோம்ஸ்டே நடத்துபவரிடம் ஆம்பியர் கணக்கில் பேச வேண்டியதில்லை. “கீசர், வாஷிங் மெஷின் மாட்டுற பெரிய பிளக், கார் நிறுத்துற இடத்துக்குப் பக்கத்துல இருக்கா?” என்று கேட்டால் போதும், சட்டென்று புரியும். கையோடு அந்த பிளக்கையும் காரை நிறுத்தும் இடத்தையும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லலாம். பிளக் சமையலறைக்குள்ளும் கார் முருங்கை மரத்தடியிலும் இருந்தால் படமே காட்டிக்கொடுத்துவிடும்.

தூரம் இருந்தால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டுத் தருகிறேன் என்பார்கள். இந்த உதவியைத்தான் மறுக்க வேண்டும். கடையில் வாங்கும் சாதாரண எக்ஸ்டென்ஷன் பெட்டியின் வயர் டிவிக்கும் மிக்ஸிக்கும் போதும். இரவு முழுக்க 14 ஆம்பியர் ஓடுவதற்கு அது செய்யப்படவில்லை. கீசர் பத்து நிமிடத்தில் நின்றுவிடும். கார் ஒன்பது மணி நேரம் நிற்காது. கீசருக்குத் தாங்கிய பிளக் காருக்கும் தாங்கும் என்று நினைப்பது இங்கேதான் தவறுகிறது. சார்ஜ் போட்டு அரை மணி கழித்து பிளக்கைத் தொட்டுப் பார்க்க வேண்டும். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடோ, பிளாஸ்டிக் கருகும் வாடையோ வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். உள்ளே ஸ்க்ரூ தளர்ந்திருக்கலாம், அல்லது வயர் மெலிதாக இருக்கலாம்.

பெரிய ஹோட்டல்களில் கதை வேறு. அங்கே சுவரில் மாட்டிய ஏசி சார்ஜர் இருக்கும். டைப் 2 எனப்படும் துப்பாக்கி அதில் தொங்கும். ஏழு கிலோவாட் வரை தரும் இத்தகைய சார்ஜரில் இரவில் பேட்டரியை நிரப்பிவிடலாம், கார் அவ்வளவு வேகத்தை ஏற்றால். உள்ளே இருக்கும் ஏசி சார்ஜரின் வரம்பு 3.3 கிலோவாட்தான் என்றால் சுவரில் எவ்வளவு இருந்தும் பயனில்லை. இங்கே கேட்க வேண்டியது வேறு. துப்பாக்கியோடு இருக்கிறதா, வெறும் துளை மட்டும்தானா? சில பழைய சார்ஜர்களில் தொழிற்சாலைகளில் பயன்படும் வட்ட வடிவ நீல சாக்கெட் இருக்கும். அதற்கு அடாப்டர் இல்லாமல் வேலை ஆகாது. எந்த ஆப் வழியாக இயங்குகிறது என்பதையும் கேட்க வேண்டும். சார்ஜர் இருப்பது தரைக்கடியில் உள்ள பார்க்கிங்கில் என்றால், அங்கே சிக்னல் கிடைக்காமல் ஆப் திறக்காது என்பது பலர் இரவு பத்து மணிக்குத் தெரிந்துகொள்ளும் விஷயம்.

திரும்ப ஹோம்ஸ்டேக்கே வருவோம். பிளக் சரியானது என்று படத்தில் தெரிந்துவிட்டது. அடுத்த கேள்வி, எவ்வளவு இழுக்கலாம் என்பது. “உங்க லோடு எவ்வளவு?” என்று கேட்டால் பல உரிமையாளர்களுக்குத் தெரியாது. அந்த பிளக்குக்குப் போகும் எம்சிபியைப் படமெடுக்கச் சொல்வது சுலபம். அதன் முகப்பில் C16, C20 என்று ஏதாவது எழுதியிருக்கும். C16 என்றால் 16 ஆம்பியர். அதே வரிசையில் அறைகளின் கீசரும் இருந்தால் சிக்கல். இரண்டு கிலோவாட் கீசர் ஒன்று ஒன்பது ஆம்பியரை ஒட்டி எடுக்கும். காரோடு சேர்ந்தால் இருபத்துமூன்று. கொடைக்கானல் குளிரில் காலை ஆறு மணிக்கு எல்லோரும் வெந்நீர் போடுவார்கள், எம்சிபி விழும். விழுந்த சத்தம் யாருக்கும் கேட்காது. எட்டு மணிக்கு வந்து பார்த்தால் கார் பாதியில் நின்றிருக்கும். வந்த உடனே மாலையில் சார்ஜ் போட்டு, விடிவதற்குள் முடிப்பதுதான் இதற்கு வழி. சார்ஜரில் ஆம்பியரைக் குறைத்து வைக்கும் வசதி இருந்தால் பத்துக்கு இறக்கிவிடலாம். நேரம் கூடும், வீடு இருளாகாது.

மலையில் வோல்டேஜும் எப்போதும் 230 இருக்காது. 190-க்கு இறங்கினால், அதே 14 ஆம்பியரில் கிடைப்பது 2.7 கிலோவாட்தான். நம் குடும்பத்தின் கணக்கையே பார்க்கலாம். இருபது சதவீதத்திலிருந்து எண்பதுக்கு ஏற்ற 24 யூனிட் வேண்டும். வழியில் சூடாக வீணாவதையும் சேர்த்தால் சுவரிலிருந்து 28 யூனிட் எடுக்க வேண்டியிருக்கும். வோல்டேஜ் சரியாக இருந்தால் ஒன்பது மணி நேரம், குறைந்தால் பத்தரை.

ஏன் எண்பது, ஏன் நூறில்லை? இறங்கும்போது பிரேக்குக்குப் பதில் மோட்டாரே காரைப் பிடித்து நிறுத்தி, அந்த விசையை பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். பேட்டரி நிரம்பியிருந்தால் அதை வாங்கிக்கொள்ள இடமிருக்காது; வளைவுக்கு வளைவு பிரேக்கை அழுத்த வேண்டும். எண்பதோடு கிளம்பினால் வத்தலக்குண்டில் இறங்கும்போது பெரிதாக ஒன்றும் குறைந்திருக்காது. மிச்சத்திலேயே திருச்சி போய்ச் சேரலாம். ஹோம்ஸ்டேக்காரரிடம் கேட்கும் மின்சாரமும் அவ்வளவுக்குக் குறைகிறது.

படத்தில் தெரியாத விஷயம் எர்த். பழைய கட்டடங்களில் பிளக்கில் மூன்றாவது துளை இருக்கும், அதற்குப் பின்னால் வயர் இருக்காது. காரின் சார்ஜர் இதைச் சோதித்துப் பார்த்துவிட்டுச் சிவப்பு விளக்கு எரிந்து நின்றுவிடும். அப்போது உள்ளூர் எலக்ட்ரீஷியன் ஒருவர், பிளக் டாப்புக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துத் தருகிறேன் என்று முன்வரலாம். விளக்கு பச்சையாகிவிடும், உண்மைதான். ஆனால் எங்காவது நியூட்ரல் அறுந்தால் காரின் உடம்பிலேயே கரண்ட் வரும். மழையில் நனைந்த தரையில் நின்று கதவைத் திறப்பவர்தான் அகப்படுவார். இதற்கு ஒப்புக்கொள்ளக் கூடாது. முன்கூட்டியே தெரிந்துகொள்ள எளிய கேள்வி ஒன்று உண்டு: “இதே பிளக்ல இதுக்கு முன்னாடி எலெக்ட்ரிக் கார் சார்ஜ் ஆகியிருக்கா? என்ன கார்?” கார் பேரைச் சட்டென்று சொன்னால் பாதிக் கவலை தீரும். ஜெனரேட்டரில் இந்தப் பிளக் ஓடுமா என்றும் கேட்கலாம். ஓடும் என்றாலும் கரண்ட் போன நேரத்தில் அதில் கார் போடாமல் இருப்பது நல்லது. சின்ன ஜெனரேட்டர் தாங்காது. தாங்கினாலும் அதன் எர்த்தைச் சார்ஜர் ஏற்காமல் போகலாம்.

கடைசியில் காசு. வாடகைக்குள் அடங்கும் என்று நினைத்துப் போவதும், கிளம்பும்போது பில்லில் ஆயிரம் ரூபாய் பார்ப்பதும் சண்டையில் முடியும். காசு வாங்குவது சட்டப்படி சரிதானா என்று சிலருக்குச் சந்தேகம். மத்திய மின் அமைச்சகம் 2018 ஏப்ரலிலேயே இதைத் தெளிவுபடுத்திவிட்டது: வாகனத்துக்குச் சார்ஜ் போட்டுத் தருவது சேவை, மின்சார விற்பனை அல்ல, அதற்கு உரிமம் தேவையில்லை. ஆக உரிமையாளர் தாராளமாக வாங்கலாம். அவர் தரப்பிலும் நியாயம் உண்டு. வீட்டு இணைப்பாக இருந்தால் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டும்போது பில் வேறு படிநிலைக்குப் போய்விடும். நான்கைந்து கார்கள் வந்து போனாலே அந்த எல்லை நெருங்கிவிடும்.

யூனிட்டுக்கு இவ்வளவு என்பது நேர்மையான முறை. யூனிட் பதினைந்து ரூபாய் என்று பேசினால் 28 யூனிட்டுக்கு 420 ரூபாய். ராத்திரிக்கு 500 ரூபாய் மொத்தமாக என்றால், 28 யூனிட் போடுபவருக்குக் கிட்டத்தட்ட அதே கணக்குதான். பத்து யூனிட் மட்டும் வேண்டியவருக்கோ யூனிட் ஐம்பது ரூபாயாகிறது. அதைவிட அடிவாரத்து வேக சார்ஜர் மலிவு. யூனிட் கணக்கென்றால் எதை வைத்து அளப்பது என்பதும் முடிவாக வேண்டும். தனி சப்-மீட்டர் இருந்தால் மாட்டும்போது ஒரு படம், கழற்றும்போது ஒரு படம். இல்லையென்றால் சார்ஜரோ காரின் ஆப்போ காட்டும் எண். இங்கே ஒரு நுணுக்கம்: கார் காட்டுவது பேட்டரிக்குள் போனது, 24. மீட்டரில் ஓடியது 28. நான்கு யூனிட் யார் கணக்கில் என்று விடியற்காலையில் தகராறு வரக்கூடும். சுவரில் எடுத்ததற்குத்தான் உரிமையாளர் பில் கட்டுகிறார், அதையே கொடுப்பதுதான் முறை.

இவ்வளவும் பேசியபின், அறையை உறுதிசெய்யும் வாட்ஸ்அப் செய்தியிலேயே இரண்டு வரி எழுதிக் கேட்டுக்கொள்ளலாம்: “16 ஆம்ப் பிளக், கார் பக்கத்துல. மாலை 7-லிருந்து காலை 5 வரை. யூனிட் 15 ரூபாய், சப்-மீட்டர்ப்படி. சரியா அண்ணே?” பேசியவர் உரிமையாளர், இரவில் இருப்பவர் கேர்டேக்கர். அவருக்கு இந்தச் செய்தி எதுவும் தெரிந்திருக்காது. வாசலில் நின்று போனை நீட்டிக் காட்ட அது உதவும்.